சாம்பார் 52 டிகிரி

தொழிற்சாலை கேன்டீனை ஆய்வு செய்து எழுதப்படும் அறிக்கை பதினைந்து, இருபது பக்கம் ஓடும். பாதிக்குப் பாதி படங்கள். அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பவர் ஆலைக்குள் பெரும்பாலும் ஒருவர்தான். அட்மின் பிரிவில் உட்கார்ந்து அதைச் சுருக்கும் அலுவலர் அவர். வசதிகள் துறைத் தலைவரின் மேசைக்குப் போவது அவர் தயாரிக்கும் ஒரே ஒரு பக்கம்: என்ன குறை, எவ்வளவு கடுமை, எந்தத் தேதிக்குள் சரியாகும். பணம் ஒதுக்குவதும் ஒப்பந்ததாரரைக் கூப்பிட்டுப் பேசுவதும் தேவைப்பட்டால் ஒரு வேளைச் சமையலை நிறுத்துவதும் அந்தப் பக்கத்தை வைத்துத்தான் முடிவாகின்றன. ஆய்வாளர் கண்ணில் பட்டும் அந்தப் பக்கத்தில் ஏறாத குறையும் அவர் கண்ணிலேயே படாத குறையும் நடைமுறையில் ஒன்றுதான்.

இந்தச் சுருக்கத்தை ஓர் எழுத்தர் வேலை என்று பல ஆலைகள் நினைக்கின்றன. அப்படி அல்ல என்பது என் கருத்து. கேன்டீனோடு தொடர்புள்ள எல்லோரும் முன்கூட்டியே சில விஷயங்களில் ஒத்துப்போயிருந்தால்தான் அந்த ஒரு பக்கம் உண்மையாக இருக்க முடியும். தனியாக ஓர் அலுவலர் எவ்வளவு கவனமாக எழுதினாலும் அது நடக்காது.

ஒரு மாதிரியை வைத்துப் பேசலாம். இது எந்த ஆலையையும் குறிப்பதல்ல. ஒரகடம், ஓசூர் பக்கம் வழக்கமாக நடப்பதை ஒட்டி நானே அமைத்துக்கொண்டது. மூன்று ஷிஃப்ட் ஓடும் ஆலை, ஒரு நாளைக்கு 1,800 தட்டுச் சாப்பாடு, சமையல் ஒப்பந்தத்தில், சமையற்கட்டில் 22 பேர். வெளியிலிருந்து வந்த ஆய்வாளர் 38 குறைகளை எழுதியிருக்கிறார். முதல் இரண்டு பக்கமும் பாத்திரம் கழுவும் இடத்தில் பெயர்ந்து கிடக்கும் தரை ஓடுகளும் அங்கே தேங்கி நிற்கும் தண்ணீரும், ஆறு படங்கள். ஒன்பதாம் பக்கத்தில், படம் எதுவும் இல்லாமல், ஒற்றை வரி: “இரவு 9.40, பரிமாறும் இடத்தில் சாம்பார் 52 டிகிரி.” பதினோராம் பக்கத்தில் இன்னொரு வரி: “கோழி வெட்டும் பலகையும் வெள்ளரி வெட்டும் பலகையும் ஒன்றே.”

சுருக்குபவர் அறிக்கையின் வரிசையிலேயே போனால் தரை ஓடு முதலில் வரும். படமும் இருப்பதால் ‘மேஜர்’ என்று எழுதிவிடுவார். சாம்பார் ‘வெப்பநிலைப் பராமரிப்பில் கவனம் தேவை’ என்று மெருகேறி, ‘மைனர்’ ஆகி, இருபத்தைந்தாவது வரியில் நிற்கும். சுருக்கத்தில் நேரும் முதல் தவறு இதுதான். கண்ணுக்கு அசிங்கமாகத் தெரிவது கடுமையானதாகவும், கண்ணுக்குத் தெரியாதது லேசானதாகவும் ஆகிவிடுகிறது. அதோடு 52 என்ற எண்ணும் 9.40 என்ற நேரமும் உதிர்ந்துவிட்டன. அவை இரண்டும் இல்லாமல் அந்த வரிக்கு அர்த்தமே இல்லை.

ஏன் என்றால், அந்த 52 இறங்கிக்கொண்டிருக்கும் எண். சூடாகப் பரிமாற வேண்டிய சைவ உணவை 65 டிகிரியில் வைத்திருக்க வேண்டும் என்பது எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் கேட்டரிங் ஆய்வுப் பட்டியல் எதிர்பார்ப்பது. பருப்பு, கறி போட்டுப் பெரிய அண்டாவில் சமைக்கும் குழம்புகளில் க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதித்த பிறகும் பிழைத்திருக்கும். சூடு தணியும்போது அவை முளைக்கும். அது மிக வேகமாகப் பெருகும் வெப்பம் ஏறக்குறைய 43 முதல் 46 டிகிரி வரை. மாலை ஆறு மணிக்கு இறக்கிய சாம்பார் 9.40-க்கு 52-இல் இருக்கிறது என்றால், அதே அண்டா இரவு ஷிஃப்ட் இடைவேளையில் ஒன்றரை மணிக்கு இட்லிக்குப் போகும்போது எங்கே இருக்கும் என்று கணக்குப் போட வேண்டும். ஆய்வாளர் அந்த நேரத்தில் அங்கே இல்லை. சுருக்குபவர்தான் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர். ‘இந்த அண்டா அதற்குப் பிறகு எங்கே போயிற்று?’ என்று சமையற்கட்டுக்கு ஒரு போன் போட்டால் போதும்.

கடுமையை நிர்ணயிக்க மூன்று கேள்விகள் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்தக் குறை உணவைத் தொடுகிறதா? தொட்ட பிறகு, சாப்பிடுபவர் வாய்க்குப் போகும் முன் அதைச் சரிசெய்யும் படி ஏதாவது மிச்சம் இருக்கிறதா? எத்தனை தட்டுகளுக்குப் போகிறது? வெட்டுப் பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். கோழி வெட்டிய பலகையில் குருமாவுக்கான வெங்காயம் வெட்டினால் அது தவறுதான், ஆனால் அந்த வெங்காயம் இன்னும் அடுப்புக்குப் போக வேண்டும். அதே பலகையில் வெள்ளரி வெட்டினால் அடுத்த நிறுத்தம் தட்டு. அறிக்கையில் இரண்டும் ‘ஒரே பலகை’ என்றுதான் வரும். கடுமை மட்டும் ஒன்றல்ல. கூரையில் பெயிண்ட் உரிவதும் இப்படித்தான். நடைபாதைக்கு மேலே உரிந்தால் மைனர், கொதிக்கும் அண்டாவுக்கு மேலே உரிந்தால் அன்றே கவனிக்க வேண்டியது.

இரண்டாவது கேள்வியில் ஒரு வழுக்கல் உண்டு. ‘அதான் திரும்பச் சூடு பண்ணிடுறோமே’ என்பது சமையற்கட்டில் அடிக்கடி கேட்கும் பதில். மிஞ்சிய சோறு மறுநாள் எலுமிச்சைச் சாதமாவது நம் ஊர்க் கேன்டீன்களுக்குப் புதிதல்ல. வெளியே கிடந்து ஆறிய சோற்றில் பேசிலஸ் சீரியஸ் பெருகினால், அது விடும் வாந்தி நஞ்சு மறுபடி சூடு செய்வதால் அழிவதில்லை. கிருமி செத்தாலும் நஞ்சு அப்படியே இருக்கும். அதனால்தான் மிச்ச உணவை 60 டிகிரியிலிருந்து 21-க்கு இரண்டு மணி நேரத்துக்குள்ளும் அங்கிருந்து 5-க்கு அடுத்த இரண்டு மணி நேரத்துக்குள்ளும் இறக்கச் சொல்கிறார்கள். அண்டாவோடு தூக்கிக் குளிர் அறையில் வைத்தால் நடுச்சோறு பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும்; அகலத் தட்டுகளில் பரப்ப வேண்டும். இதைச் சமையல் மாஸ்டரும் சுருக்கம் எழுதுபவரும் ஒரே மாதிரி தெரிந்து வைத்திருந்தால், ‘மிஞ்சிய சோறு மூடி வைக்கப்படவில்லை’ என்று அறிக்கையில் வரும் வரியை மூடி பற்றிய குறையாக யாரும் சுருக்க மாட்டார்கள்.

மதிப்பெண் இன்னொரு பொறி. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் அந்த ஆய்வுப் பட்டியலின் மொத்தப் புள்ளி 114. நூறும் அதற்கு மேலும் எடுத்தால் ‘ஏ பிளஸ்’. ஆனால் பட்டியலில் சில கேள்விகளுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருக்கும். அவற்றில் ஒன்று தவறினாலும், மொத்தம் எவ்வளவு வாங்கியிருந்தாலும், விதிக்கு இணங்கவில்லை என்றுதான் பொருள். சுருக்கத்தின் தலையில் ‘102/114’ என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, நட்சத்திரக் குறியில் தவறியதை உள்ளே ஒளித்து வைத்தால், படிப்பவர் தட்டிக்கொடுத்துவிட்டு அடுத்த கோப்புக்குப் போய்விடுவார். மதிப்பெண்ணை முதல் வரியில் எழுதவே வேண்டாம் என்பேன். நட்சத்திரக் குறியில் எது தவறியது என்பதே முதல் வரியாக இருக்கட்டும்.

‘பார்க்கவில்லை’ என்று ஆய்வாளர் எழுதியவை சுருக்கத்தில் ‘சரி’ ஆகிவிடுவதும் சாதாரணமாக நடக்கிறது. பகல் பதினோரு மணிக்கு வந்தவர் இரவுச் சமையலைப் பார்த்திருக்க முடியாது. அன்று பால் வண்டி வரவில்லை என்றால் பாலை இறக்கும்போது சூடு அளக்கிறார்களா என்று அவருக்குத் தெரியாது. குறை இல்லாதது ஒன்று, பார்க்கப்படாதது வேறு. பார்க்காதவற்றுக்குச் சுருக்கத்தின் அடியில் தனியாக மூன்று வரி ஒதுக்க வேண்டும். நம் மாதிரி ஆலையில் ஆய்வாளர் இரவிலும் ஒரு சுற்று வந்ததால்தான் 52 டிகிரியே தெரிந்தது.

இனி, அந்த 52 டிகிரிக்கு யார் பொறுப்பு என்று கொஞ்சம் தோண்டுவோம். பரிமாறும் இடத்தில் வெந்நீர்த் தொட்டியில் பாத்திரங்களை இறக்கிச் சூடாக வைக்கும் பெயின்மேரி இருக்கிறது. அதில் ஒரு பக்கத்து ஹீட்டர் காயில் எரிந்துபோய் விட்டது. பெயின்மேரி ஆலையின் சொத்து. ஒப்பந்ததாரர் தொடக் கூடாது. அவருடைய மேலாளர் பராமரிப்புப் பிரிவுக்கு இரண்டு மெயில் போட்டிருக்கிறார். பராமரிப்புப் பிரிவு காயில் வாங்கக் கோரிக்கை எழுதியிருக்கிறது. கொள்முதல் பிரிவு மூன்று கொட்டேஷன் கேட்டிருக்கிறது. இவர்களில் யாரும் சோம்பேறி இல்லை. அவரவர் விதிப்படி அவரவர் சரியாகவே நடந்திருக்கிறார்கள். ஆனால் சுருக்கத்தில் ‘பொறுப்பு: கேன்டீன் ஒப்பந்ததாரர், தேதி: 7 நாள்’ என்று வரும். ஏழாம் நாள் அவர் ‘காயில் வரவில்லை’ என்பார். மறுபடி ஏழு நாள். இப்படியே அடுத்த ஆய்வு வந்துவிடும்.

அதே அறிக்கையின் இன்னொரு வரி, ‘கை கழுவும் இடம் திருப்தியாக இல்லை.’ உள்ளே போய்ப் பார்த்தால் இரண்டு குறைகள். சோப்பு இல்லை, அது ஒப்பந்ததாரர் வேலை, பத்து நிமிடத்தில் முடியும். குழாயில் தண்ணீர் நூலாக வருகிறது. அது கட்டடப் பராமரிப்பு, மேல் தொட்டியிலிருந்து தனிக் குழாய் இழுக்க வேண்டும். ஒரே வரியில் இரண்டையும் வைத்தால் ஒரே தேதிதான் கிடைக்கும். அந்தத் தேதி குழாயின் தேதியாக இருக்கும். அதுவரை சோப்பும் வராது. ஒரு குறையைச் சரிசெய்ய இரண்டு கைகள் வேண்டும் என்றால் அதை இரண்டு வரியாகப் பிரிக்க வேண்டும். மாறாக, பல வரிகளுக்கு ஒரே காரணம் என்றால் சேர்க்க வேண்டும். நம் 38-இல் சாம்பார், ரசம், பொரியல் என்று தனித்தனியாக வந்த நாலு வெப்பநிலைக் குறைகளும் அந்த ஒற்றைக் காயிலில் போய் முடிகின்றன. நாலு முறை சமையல்காரருக்குப் பயிற்சி கொடுத்தாலும் காயில் சூடாகப் போவதில்லை.

தேதி விஷயத்தில்தான் அதிகக் குழப்பம். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின் 32-ஆவது பிரிவு, குறைகளைச் சரிசெய்யச் சொல்லி நியமன அலுவலர் நோட்டீஸ் கொடுக்கலாம் என்கிறது. அதில் கொடுக்கும் அவகாசம் 14 நாளுக்குக் குறையக் கூடாது. இதைக் கேள்விப்பட்ட ஒப்பந்ததாரர்கள் எல்லாக் குறைக்கும் ‘சட்டப்படி 14 நாள் இருக்கே சார்’ என்பார்கள். அது அரசு அலுவலர் நோட்டீஸ் கொடுக்கும்போது வணிகருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு. ஓர் ஆலை தன் தொழிலாளருக்குப் போடும் சோற்றைத் தானே ஆய்வு செய்து கண்ட குறைக்கு அது அவகாசம் அல்ல. உடனடி ஆபத்து என்றால் சமையலையே தடுக்கும் அவசர நோட்டீஸுக்கு அதே சட்டத்தின் 34-ஆவது பிரிவு இடம் தருகிறது. அதைச் சொல்ல எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

ஆலைக்குள் எல்லோரும் உட்கார்ந்து ஒத்துக்கொள்ள வேண்டிய கால அளவு வேறு. கிரிட்டிக்கல் என்றால் அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு முன். மேஜர் என்றால் ஏழு நாள். மைனர் என்றால் முப்பது நாள். இந்த எண்களைக் கொஞ்சம் கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் ஆய்வு நடக்கும் முன்பே எழுதி, ஒப்பந்ததாரர், பராமரிப்பு, கொள்முதல், தொழிலாளர் பிரதிநிதி என்று எல்லோரும் கையெழுத்திட்டிருக்க வேண்டும். அறிக்கை வந்த பிறகு கடுமையை நிர்ணயிக்கப் போனால் அது பேரம்தான்.

அடுத்த வேளைக்குள் பெயின்மேரி காயில் வராதே என்று கேட்கலாம். வராது. அதனால் கிரிட்டிக்கல் வரி ஒவ்வொன்றுக்கும் இரண்டு தேதி வேண்டும். ஒன்று ஆபத்தை நிறுத்தும் தேதி, மற்றது காரணத்தை நீக்கும் தேதி. நம் வரி இப்படி அமையலாம்: “சாம்பார் 52 டிகிரி, இரவு 9.40, இரண்டாம் கவுண்டர். கிரிட்டிக்கல். இன்று இரவு முதல்: சாம்பார் இரண்டு தடவையாகச் சமைக்கப்படும், ஒன்றரை மணி இடைவேளைக்கு நள்ளிரவுக்குப் பிறகு புதிதாக இறக்கப்படும், ஒவ்வொரு மணிக்கும் சூடு அளந்து எழுதப்படும், 60-க்குக் கீழே வந்து இரண்டு மணி நேரம் ஆனது கொட்டப்படும். பொறுப்பு: ஒப்பந்ததாரரின் இரவு மேலாளர். காயில் மாற்றுவது: 12-ஆம் தேதிக்குள். பொறுப்பு: பராமரிப்புப் பொறியாளர்; கொட்டேஷன் விலக்குக்குக் கொள்முதல் மேலாளர்.” நீளமாகத்தான் இருக்கிறது. ஆனால் தலைவர் இந்த வரியைப் படித்ததும் தன் கையில் உள்ள வேலை எது என்று தெரிந்துகொள்கிறார். மூன்று கொட்டேஷன் விதியிலிருந்து ஒரு முறை விலக்குக் கொடுக்கக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். ‘வெப்பநிலைப் பராமரிப்பில் கவனம் தேவை’ என்ற வரியைப் படித்து அவர் என்ன செய்ய முடியும்?

இரண்டு தடவை சமைத்தால் கேஸ் செலவும் ஆள் செலவும் கூடும். அதை ஒப்பந்ததாரர் தலையில் கட்டினால் முதல் வாரம் செய்வார், இரண்டாம் வாரம் அளவுப் புத்தகத்தில் மணிக்கு மணி ‘68, 68, 68’ என்று ஒரே பேனாவில் ஒரே கையெழுத்தில் நிரப்பி வைப்பார். இப்படி நேராக நிற்கும் எண்களைப் பார்த்தாலே சந்தேகப்பட வேண்டும். உண்மையான அளவு 71, 66, 63 என்று தள்ளாடும். காயில் ஆலையின் சொத்து என்றால் அது வரும்வரை ஆகும் கூடுதல் செலவும் ஆலையுடையது என்று ஒத்துக்கொள்வதுதான் நியாயம். தட்டுக்கு இத்தனை ரூபாய் என்று மிகக் குறைந்த விலை சொன்னவருக்கு டெண்டரைக் கொடுத்துவிட்டு, மிச்சச் சோறு ஏன் எலுமிச்சைச் சாதமாகிறது என்று ஆச்சரியப்படுவதில் பயனில்லை.

அபராதத்தைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். பல ஒப்பந்தங்களில் குறை ஒன்றுக்கு இவ்வளவு பிடித்தம் என்று விதி இருக்கிறது. கண்டிப்பானதாகத் தெரியும் இந்த விதி சுருக்கத்தைத்தான் கெடுக்கிறது. ஒப்பந்ததாரர் குறையை மறைப்பார். மேஜரை மைனர் ஆக்கச் சொல்லி அட்மின் அலுவலரைச் சுற்றி வருவார். ஆய்வாளர் வரும் நாள் தெரிந்தால் புதுத் தலைவலையும் கையுறையும் அன்று மட்டும் வரும். முதல் முறை கண்ட குறைக்குப் பிடித்தம் வேண்டாம், ஒத்துக்கொண்ட தேதி தவறினாலும் அதே குறை திரும்ப வந்தாலும் மட்டும் பிடிக்கலாம் என்று மாற்றிக்கொண்டால், குறையைத் தானே காட்டிக்கொடுப்பதில் ஒப்பந்ததாரருக்கு நஷ்டமில்லை. தேதி தவறியது பராமரிப்புப் பிரிவால் என்றால் அந்தப் பிரிவின் பெயர் அதே வரியில் ஏறட்டும். ஒரு பக்கத்துக்கு மட்டும் தண்டனை இருக்கும் தாளில் மறுபக்கத்தின் தவறு எழுதப்படுவதே இல்லை.

திரும்ப வரும் குறையைக் கண்டுபிடிக்க முந்தைய சுருக்கங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். இது தெரிந்த விஷயம் போலத் தோன்றினாலும், இதைச் செய்யாததன் விலை பெரிது. 2005-இல் பிரிட்டனின் தெற்கு வேல்ஸில் ஈ.கோலை ஓ157 தொற்று 44 பள்ளிகளில் பரவி 157 பேர் நோயுற்றார்கள். ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். பள்ளிகளுக்கு வெந்த இறைச்சி வழங்கிய கடையில், பச்சை இறைச்சிக்கும் வெந்த இறைச்சிக்கும் ஒரே பொதி கட்டும் இயந்திரத்தைப் பயன்படுத்தியிருந்தார்கள். பேராசிரியர் ஹியூ பென்னிங்டன் தலைமையில் நடந்த பொது விசாரணையின் அறிக்கை 2009-இல் வந்தது. ஆய்வாளர்கள் போகாத இடமல்ல அது; பல முறை போய் வந்த இடம். ஒவ்வொரு வருகையும் தனித்தனியாக நின்றதே தவிர, பழைய கோப்பை மொத்தமாக வைத்து இந்தக் கடை எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கவில்லை. அதனால் சுருக்கத்தில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ‘இதற்கு முன் எப்போது?’ என்று சின்னதாக ஒரு கட்டம் இருக்கட்டும். இரண்டாம் முறை வந்த குறை ஒரு படி கடுமை ஏற வேண்டும். மைனர் மேஜராகும். காரணம் எளிது: முதல் தடவை செய்த திருத்தம் திருத்தமே அல்ல என்று அது காட்டிவிட்டது.

‘முடிந்தது’ என்று எழுதுவதிலும் ஓர் ஒப்பந்தம் தேவை. நம் மாதிரியில் முப்பது நாள் கழித்து 38-இல் 31 முடிந்தன என்று வைத்துக்கொள்வோம். 82 சதவீதம். மாதக் கூட்டத்தில் பச்சை வண்ணத்தில் காட்ட அழகான எண். மீதி ஏழில் காயிலும் எலி நடமாடும் மளிகை அறையும் இருந்தால் அந்த 82-க்கு மதிப்பில்லை. கிரிட்டிக்கலில் எத்தனை திறந்திருக்கின்றன, எத்தனை நாளாக என்ற இரண்டு எண்கள் போதும், சதவீதம் வேண்டாம். எது ஆதாரம் என்பதும் குறைக்குக் குறை மாறும். உடைந்த ஓட்டுக்குப் புகைப்படம் போதும். எலிக்கு, மருந்து வைத்த பில் ஆதாரம் ஆகாது. ஒரு வாரம் கழித்து அதே அறையில் புழுக்கை இல்லை, கதவடி இடைவெளி அடைபட்டிருக்கிறது என்று நேரில் பார்த்ததுதான் ஆதாரம். சாம்பாருக்குப் புகைப்படம் என்ன சொல்லும்? தொடர்ந்து சில இரவுகளின் அளவுகள் வேண்டும், அதுவும் வேறொருவர் கையில் இருக்கும் தெர்மாமீட்டரில்.

அந்த வேறொருவர் தொழிலாளராக இருக்கலாம். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேன்டீன் வேண்டும் என்ற 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 46-ஆவது பிரிவிலேயே கேன்டீனுக்கு நிர்வாகக் குழுவும் அதில் தொழிலாளர் பிரதிநிதித்துவமும் விதிகளில் இடம்பெற வழி செய்தது. சாப்பிடுகிறவருக்கும் சமையற்கட்டின் மேல் பாத்தியதை உண்டு என்பது அப்போதே ஏற்கப்பட்ட விஷயம். நடப்பில் அந்தக் குழு கூடி, தீபாவளிக்கு என்ன இனிப்பு, பொரியலில் ஏன் எண்ணெய் அதிகம் என்று பேசிவிட்டுக் கலைகிறது. ஆய்வுச் சுருக்கம் அதன் கைக்குப் போவதில்லை, ரகசியம் என்கிறார்கள். இதில் ரகசியம் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. கிரிட்டிக்கல் வரிகளையும் அவற்றின் தேதிகளையும் தமிழிலும், வடமாநிலத் தொழிலாளர்கள் இருக்கும் இடத்தில் இந்தியிலும் எழுதிக் கவுண்டர் பக்கம் ஒட்டலாம். அப்போது இரவு ஒன்றரை மணிக்குத் தட்டோடு நிற்பவர் ‘சாம்பார் ஆறிக் கிடக்கு’ என்று சொல்வது வெறும் முணுமுணுப்பாக இருக்காது. ஒரு வரியின் மேல் சாட்சியம் ஆகும். தொழிலாளர் பக்கமும் இதில் கடமை உண்டு. வயிற்றுப்போக்கு வந்த அன்று மருத்துவ அறையில் சொல்லாமல் லீவு போட்டுவிட்டால், ஒரே இரவில் பத்துப் பேருக்கு வந்தது யாருக்கும் தெரியாமல் போகும்.

பொறுப்பு பலர் கையில் சிதறும்போது என்ன ஆகும் என்பதை நம் மண்ணிலேயே பார்த்தோம். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். தோழிகளுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் பெண்கள் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை மூடப்பட்டு ஜனவரி 12-ஆம் தேதிதான் திறந்தது. தொழிலாளர்கள் பயன்படுத்தும் சில விடுதிகளும் உணவுக் கூடங்களும் தன் தரத்துக்கு ஏற்றவையாக இல்லை என்று ஆப்பிள் நிறுவனமும் அறிவித்து, ஆலையைத் தகுதிகாண் நிலையில் வைத்தது. பொருளை வாங்கும் நிறுவனம் ஒன்று, ஆலை ஒன்று, விடுதி நடத்துபவர் வேறு என்று அடுக்கடுக்காக இருக்கும் ஏற்பாட்டில், சமையற்கட்டின் வடிகால் யாருடைய தாளில் ஏறும்? ஆலை வளாகத்துக்குள் இருக்கும் கேன்டீனின் சுருக்கத்தை எவ்வளவு நன்றாக எழுதினாலும், அதே தொழிலாளர் இரவில் சாப்பிடும் விடுதி அதில் இல்லை என்றால் பாதித் தட்டுகள் கணக்கில் வராது. பேருந்து அனுப்பி ஆளை அழைத்து வருகிற ஆலை, அந்தப் பேருந்து நிற்கும் இடத்துச் சமையற்கட்டையும் தன் பக்கத்தில் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும்.

தரை ஓட்டை மறந்துவிடவில்லை. அது உணவைத் தொடவில்லை; பாத்திரம் கழுவும் மூலையில் இருக்கிறது; ஆனால் தேங்கிய தண்ணீரில் ஈயும் கரப்பானும் வரும், வழுக்கி விழவும் வாய்ப்புண்டு. மேஜர் என்று வைக்கலாம். ஏழு நாளில் முடியாது. தரையைக் கொத்தி, சரிவு பார்த்து, வடிகாலை இறக்கிக் கட்ட கேன்டீனையே மூன்று நாள் மூட வேண்டும். மூன்று ஷிஃப்ட் ஆலையில் அது பொங்கல் விடுமுறையில்தான் நடக்கும். அப்படியானால் தேதியைப் பொங்கல் என்றே உண்மையாக எழுதுவது நல்லது. ஏழு நாள் என்று எழுதி ஏழு முறை நீட்டினால் மற்றத் தேதிகளையும் யாரும் நம்ப மாட்டார்கள். அதுவரை ஒவ்வொரு ஷிஃப்ட் முடிவிலும் தண்ணீரை வழித்துத் தள்ளுவது ஒப்பந்ததாரர் வேலை, உடைந்த இடத்தில் தற்காலிகமாகச் சிமென்ட் பூசுவது பராமரிப்பு வேலை. பொங்கலுக்கு மேல் தள்ளிப்போக வேண்டி வந்தால், அதற்குக் கையெழுத்திடும் அதிகாரம் வசதிகள் துறைத் தலைவருக்கும் இல்லாமல் ஆலைத் தலைவருக்கு மட்டும் என்று முதல் கூட்டத்திலேயே எழுதி வைத்துவிடலாம்.